பூட்டுப் போடாத மேப்

எனக்கு இன்னும் கொதி அடங்கேல்லை, கேளுங்கோ.

சாப்பாட்டுக் கடையளின்ரை ஒன்லைன் ஓர்டரைப் பாக்கிற சின்னக் கொம்பனி எங்கடை, லண்டன் இல்ஃபோர்ட்டிலை. சேவை முழுக்க கோ (Go) எண்ட புரோகிராம் மொழியிலை எழுதினது. நான் சுவர்ணா, புரொபேஷனிலை இருக்கிறன். என்னை வைச்சிருக்கிறதோ அனுப்புறதோ எண்டு வெள்ளிக்கிழமை முடிவு எண்டிருந்தது.

போன கிழமை ஓர்டரை வாங்கிப் பதியிற என்ரை ஹாண்ட்லர் கோட்டிலை ஒரு பிழை. ஓர்டரைக் குறிக்கிற மேப்பை, அதுதான் அந்த அட்டவணையை, அறிவிச்சனான், make போட்டு உருவாக்கேல்லை. வெறும் nil, பேர் மட்டும் இருக்கு, அட்டவணை இல்லை. அதை வாசிச்சா ஒண்டும் நடக்காது, எழுதப் போனா panic எண்டு முறிஞ்சு விழும். எழுத வந்த ரிக்குவெஸ்ட் மட்டும் விழுந்தது, சேர்வர் விழேல்லை. பிழை என்ரைதான். கடையளுக்குப் போன றிப்போர்ட்டிலை "சுவர்ணாவின் கவனக்குறைவு" எண்டு எங்கடை லீட் நிஷாந்தன் கொட்டை எழுத்திலை போட்டார். சரி, போகட்டும்.

திருத்தினதும் அவர்தான். எல்லா ரிக்குவெஸ்டுக்கும் பொதுவா ஒரு மேப்பை make பண்ணி வைச்சார், பூட்டில்லாமல்.

"அண்ணை, ரெண்டு ரிக்குவெஸ்ட் ஒரே நேரம் எழுதினா? ஒரு mutex போட்டுப் பூட்டுங்கோ," எண்டன்.

"recover போட்டிருக்கிறன், என்ன விழுந்தாலும் பிடிக்கும். நீர் உம்மடை வேலையைப் பாரும்."

பிடிக்காது! அது panic இல்லை, சேர்வரையே சாக்காட்டுற fatal error, recover-க்கு அகப்படாது எண்டு நான் சொல்லச் சொல்ல மனுசன் ஹெட்போனை மாட்டிட்டார்.

செவ்வாய் மத்தியானம் ஓர்டர் குவிஞ்சது. concurrent map writes எண்டு ஒரு வரி, சேர்வர் முழுக்கச் செத்துது. எழுப்ப எழுப்பத் திரும்பச் செத்துது. மனேஜர் சேஷாத்ரி ஓடிவந்தார். நிஷாந்தன் வாய் கூசாமல், "திரும்பவும் சுவர்ணாவின்ரை மேப்தான்," எண்டார்.

எனக்கு வந்துதே ஒரு விசர்! ஒரே நேரத்திலை கனக்க ஓர்டர் போடுற ரெஸ்ற்றை, இப்பிடி மோதுறதைக் கண்டுபிடிக்கிற race detector-ஓடை ஓட்டினன். ரெண்டு பக்கத்தாலை ஒரே மேப்பிலை எழுதுப்படுது எண்டு வரி நம்பரோடை வந்தது. அந்த வரியை எழுதினது ஆர் எண்டு, கோட் மாத்தினவையின்ரை பேர் பதியிற கிற்றிலை சேஷாத்ரிக்குக் காட்டினன். எழுதுறதுக்கும் வாசிக்கிறதுக்கும் பூட்டுப் போட்டுத் திரும்ப ஓட்ட, எச்சரிக்கை இல்லை. சேர்வரும் எழும்பி நிண்டுது.

சேஷாத்ரி தலையாட்டினார். "ஆமா, நீங்க சொன்னதுதான் சரி. புரொபேஷன் முடிச்சு உங்களை நிரந்தரமாக்கற லெட்டர் அனுப்பிடறேன். இந்தத் தடவை ரிப்போர்ட்டை நீங்களே எழுதுங்க, ஆனா அதுல பேர் வேண்டாம், 'டீம்ல ஒரு சின்னத் தவறு'ன்னு போடுங்க. நாம யாரையும் குத்தம் சொல்றதில்ல."

எப்ப இருந்தாம்?

"அப்ப போன றிப்போர்ட்டிலை இருந்து என்ரை பேரை எடுங்கோ," எண்டன்.

"அது எல்லாக் கடைக்கும் போயிடுச்சேம்மா."

"இதுவும் போகட்டும்," எண்டிட்டு, புது றிப்போர்ட்டிலை நிஷாந்தன் எண்ட பேரை ரைப் பண்ணி, ரெண்டு பேரும் பாக்கப் பாக்க அனுப்பினன்.

வெள்ளிக்கிழமை லெட்டர் வந்தது. புரொபேஷனை நீட்டிப் போட்டினம். நான் ரீமோடை ஒத்துப்போறேல்லையாம். விழுந்த சேர்வரை எழுப்பினவள் ஒத்துப்போகாதவளாம்!