ஞாயிறு இரண்டரை முதல் ஆறரை வரை

வார்டன் ஜரீனா மேடம் கடிதத்தை மேசைமேல் வைத்து, அதன் பக்கத்தில் ஜான்சியின் சேர்க்கைப் படிவத்தையும் வைத்தார். இரண்டையும் விளிம்போடு விளிம்பு சேர்த்து நேராக்கினார். கோபமாக இருக்கும்போது மேடம் பொருள்களை அடுக்குவார். அது ஹாஸ்டலில் எல்லோருக்கும் தெரியும்.

"இது யாரு கையெழுத்து?"

"எங்கம்மாவுது மேடம்."

"இது?"

படிவத்தின் அடியில், 'பெற்றோர் கையொப்பம்' என்ற இடத்தில், ஊதா நிறத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை இருந்தது. 2004 ஜூனில் வைத்தது. அன்றைக்கு அம்மா விரலைப் புடவை முந்தானையில் துடைத்ததும், கறை அதில் நின்றுபோனதும் ஜான்சிக்கு ஞாபகம் வந்தது. கடிதம் எழுதும்போது அது ஏன் ஞாபகம் வரவில்லை?

"அதுவும் அம்மாவுதுதான் மேடம். அப்போ எழுதத் தெரியாது. இப்போ மகளிர் குழுவுல கத்துக் குடுத்தாங்க."

"எப்போ?"

"போன வருஷம் மேடம்."

மேடம் அவளை நிமிர்ந்து பார்த்தார். நம்பாத பார்வை என்றுகூடச் சொல்ல முடியாது. நம்பலாமா என்று பயப்படுகிற பார்வை அது. போன வருடம் ஒரு பெண், அப்பா கையெழுத்தைத் தானே போட்டு லீவு வாங்கிக்கொண்டு வெள்ளிக்கிழமை போனவள், திரும்பி வரவில்லை. அந்தக் கடிதத்தோடு மேடம் மூன்று நாள் போலீஸ் ஸ்டேஷனில் போய் நின்றார். அதற்குப் பிறகுதான் எந்தக் கடிதத்துக்கும் பெற்றோர் கையெழுத்துக் கேட்டு, படிவத்தோடு ஒப்பிடும் வழக்கம் வந்தது.

"லெட்டர தமிழ்ல எழுதியிருக்க. எல்லாரும் இங்கிலீஷ்லதானே குடுப்பாங்க?"

"அம்மாவுக்குப் படிச்சுக் காட்டணும்னு மேடம்."

"கையெழுத்துக்கு முன்னாடி இன்னா கிறுக்கல் இது? போட்டுப் பழகிப் பாத்தியா?"

'சகாயமேரி' என்ற கோணல் எழுத்துகளுக்கு முன்னால் இரண்டு சின்னக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக இருந்தன. சொன்னால் நம்புவாரா என்று ஜான்சி அந்தக் கோடுகளையே பார்த்தாள். பொய் சொல்பவளைப் போலவே தான் நின்றுகொண்டிருக்கிறோம் என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

"சண்டே ரெண்டரைக்குள்ள உங்கம்மா இங்க வரணும். என் முன்னாடி கையெழுத்துப் போடணும். இல்லன்னா திங்கக்கிழமை இது பிரின்ஸ்பல்கிட்ட போகும். ஃபோர்ஜரின்னா ஹாஸ்டல் சீட்டு இருக்காது, தெரியும்ல?"

தெரியும். சீட்டு இல்லையென்றால் படிப்பும் இல்லை. மரக்காணத்துக்கு அப்பால் உப்பளத்து ஓரம் இருக்கிற அவள் ஊரிலிருந்து ரோட்டுக்கு வரவே முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும். அங்கிருந்து பஸ் பிடித்து, பொம்மையார்பாளையம் தாண்டி இந்தக் கல்லூரிக்குக் காலை எட்டரை லேபுக்கு ஒருநாளும் வந்து சேர முடியாது. இன்னும் ஒரு வருடம் பாக்கி.

இத்தனைக்கும் அவள் கேட்டது வைஃபைதான்.

ஜூன் மாதம் வார்டன் அறையில் அந்த வெள்ளைப் பெட்டியை வைத்தார்கள். டெலிபோன் வயரிலேயே இன்டர்நெட் வந்து, பெட்டியிலிருந்து காற்றில் போகும் என்றார்கள். ஹாஸ்டலில் லேப்டாப் வைத்திருந்தவள் ஜான்சியின் ரூம்மேட் முஸ்கான் ஒருத்திதான். அவள் வாப்பா ஷார்ஜாவிலிருந்து கொண்டுவந்தது. அதில்தான் ஜான்சி செஸ் ஆடினாள். ஆகஸ்ட் இருபதாம் தேதி, ஞாயிறு மூன்று மணிக்கு, கல்லூரிகளுக்கான ஆன்லைன் போட்டி. ஐந்து சுற்று, ஒவ்வொருவருக்கும் இருபது நிமிடம். முதல் நான்கு பேர் மண்டல அணிக்குப் போவார்கள்.

ஜூலையில் நடந்த ஒத்திகைச் சுற்றில் அவள் ராணியை வெட்டி ஜெயிக்கிற நிலையில் இருந்தாள். திடீரென்று பலகை உறைந்துபோனது. லைன் போனாலும் கடிகாரம் நிற்காது என்பது விதி. பலகை திரும்பி வந்தபோது அவளுடைய நேரம் முடிந்து, எதிராளிக்குப் புள்ளி போயிருந்தது. அடுத்த வாரமும் அப்படியே நடந்தது. மூன்றாவது முறைதான் அவள் கவனித்தாள்: சாப்பாட்டு ஹாலில் டெலிபோன் மணி அடித்த அதே நொடியில் லைன் போயிற்று. வார்டன் அறைப் போனுக்கும் சுவருக்கும் நடுவில், போன் மணி இன்டர்நெட்டைக் கலைக்காமல் தடுக்கும் ஒரு சின்ன ஃபில்டர் டப்பா இருந்தது. அதே லைனிலிருந்து ஹாலுக்கு இழுத்த போனுக்கு அது இல்லை. மணி அடித்தால் பெட்டியின் லிங்க் விளக்கு அணையும். பிறகு கண் சிமிட்டிச் சிமிட்டித் திரும்ப நிலைக்க ஒரு நிமிடமாவது ஆகும். ஞாயிறு மதியம்தான் எல்லா வீட்டிலிருந்தும் போன் வரும் நேரம்.

அதையெல்லாம் கடிதத்தில் எழுதினாள்.

'பொருள்: 20.08.2006 ஞாயிறு இணையவழிச் சதுரங்கப் போட்டிக்குத் தடையில்லா வைஃபை வேண்டுதல். மதிப்பிற்குரிய அம்மா, அன்று மதியம் 2.30 முதல் மாலை 6.30 வரை, வழக்கமாக அணைத்துவிடும் பெட்டியை அணைக்காமல் வைக்க வேண்டுகிறேன். பெட்டி இப்போது இரும்பு பீரோவுக்குப் பின்னால் இருப்பதால் படிப்பு அறைக்குச் சிக்னல் குறைகிறது. பீரோவின் மேல் வைத்தால் கிடைக்கும். கரண்ட் போனால் லேப்டாப் ஒன்றரை மணி நேரம் தாங்கும், பெட்டி தாங்காது. ஆகவே அதை ஆபீஸ் கம்ப்யூட்டரின் யு.பி.எஸ்ஸில் இணைக்க வேண்டுகிறேன். சாப்பாட்டு ஹால் டெலிபோனுக்கு ஒரு ஃபில்டர் வாங்கிப் போடவோ, முடியாவிட்டால் அந்த நான்கு மணி நேரம் மட்டும் அதன் வயரைக் கழற்றி வைக்கவோ அனுமதிக்க வேண்டுகிறேன். அந்நேரத்தில் வரும் அழைப்புகளைத் தங்கள் அறைப் போனில் எடுத்து மாணவிகளுக்குச் சொல்ல, என் அறைத்தோழி முஸ்கான் சம்மதித்துள்ளார்.'

கடைசி வரியை எழுதும்போது முஸ்கான் தலையில் அடித்துக்கொண்டாள். "யா அல்லாஹ், ஆப்பரேட்டர் வேலையா எனக்கு? ஜெயிச்சா பிரியாணி வாங்கிக் குடுடீ. தோத்தாலும் வாங்கிக் குடு."

சுதந்திர தின லீவில் ஊருக்குப் போய் ஜான்சி அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினாள். சகாயமேரி உப்புக் கூடை சுமந்து இறக்கிய கையோடு வந்து உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"இதுல எங்கியாவது கூட்டினு போவாங்களாடி?"

"இல்லம்மா. ரூம்ல ஒக்காந்தே ஆடுறது."

பேனாவை வாங்கி, முதலில் ஒரு சின்னச் சிலுவை போட்டாள். பிறகு ஒவ்வோர் எழுத்தாக வரைந்தாள். எதை எழுதுவதற்கும் முன்னால் அவள் சிலுவை போடுவாள். எழுத்து வழிதவறாமல் இருக்க என்பாள். அவள் எழுதுவது அந்த ஒரு பெயரைத்தான். முடித்ததும் தாளைத் தூரமாகப் பிடித்துப் பார்த்துச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைத்தான், மேடம் கூப்பிட்டுக் கேட்டதிலிருந்து மூன்று நாளும் ஜான்சி தூங்காமல் நினைத்துக்கொண்டிருந்தாள். அம்மா வராவிட்டால்? உப்பளத்துப் பக்கம் அப்பாவு என்பவரின் கடையில்தான் போன் இருந்தது. முஸ்கான் பேசித் தகவல் சொன்னாள். அப்பாவு அதை எப்படிப் போய்ச் சொல்வார்? ஹாஸ்டலில் கூப்பிடுகிறார்கள் என்றால் அம்மா என்ன நினைப்பாள்? வந்தாலும், மேடம் முன்னால் அவளால் எழுத முடியுமா? முதல் பயத்துக்கு அடியில் இரண்டாவது, அதற்கும் அடியில் இன்னொன்று. கடைசிப் பயத்தை அவள் தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. தான் உண்மையிலேயே ஏதோ திருடிவிட்டது போல அவளுக்குத் தோன்றத் தொடங்கியிருந்தது.

ஞாயிறு இரண்டரைக்கு அம்மா வரவில்லை. இரண்டே முக்காலுக்கு ஹாஸ்டல் கேட் அருகே வந்தாள். குளிக்காமல் வந்திருந்தாள். கால் விரல் இடுக்குகளிலும் கணுக்காலிலும் உப்பு வெள்ளையாகக் காய்ந்திருந்தது.

"உனக்கு இன்னாடி ஆச்சு? அப்பாவு ஹாஸ்டல்ல பிரச்சினைன்னு சொன்னாரு. பஸ்ஸுல உசுரே இல்ல எனக்கு."

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. நீ அந்த லெட்டர்ல போட்டது நீதான்னு மேடம் கேக்கறாங்க. இன்னொரு வாட்டி கையெழுத்துப் போடணும். அவ்வளோதான்."

"அவ்வளோதான்" என்பதை அவள் குரலே நம்பவில்லை.

வார்டன் அறையில் மேடம் எழுந்து நாற்காலியைக் காட்டினார். "ஒக்காருங்கம்மா. பயப்படாதீங்க. இந்தத் தாள்ல உங்க கையெழுத்தப் போடுங்க." சகாயமேரி உட்காரவில்லை. மேசையில் கடிதம், படிவம், பேனா, மெட்டல் மூடிபோட்ட ஸ்டாம்ப் பேட் எல்லாம் இருந்தன. கடிதத்தில் கேட்டபடி, மேடம் முன்பே வைஃபைப் பெட்டியை ஆன் செய்து வைத்திருந்தார். பீரோவின் மேல் அது இருந்தது, லிங்க் விளக்கு பச்சையாக நிலைத்து எரிந்தது. அதைக் கண்டதும் ஜான்சிக்கு ஒரு நொடி மூச்சு வந்தது.

அந்த ஒரு நொடியில் அம்மா ஸ்டாம்ப் பேடைத் திறந்துவிட்டாள்.

ஆபீஸ் மேசைக்கு முன்னால் நிறுத்தினால் அவளுக்குத் தெரிந்தது அதுதான். ரேஷன் கடையிலும் தாலுகா ஆபீஸிலும் இருபது வருடமாகச் செய்தது. கட்டைவிரலை அழுத்தி எடுத்துத் தாளில் வைத்தாள்.

"அம்மா!" என்று ஜான்சி கத்தினாள்.

சகாயமேரி திடுக்கிட்டு விரலை எடுத்தாள். தாளில் ரேகையே விழவில்லை. உப்பில் தேய்ந்த விரல் ஊதாவாக ஒரு வழவழப்பான திட்டை மட்டும் விட்டிருந்தது. மேடம் அந்தத் திட்டையும், படிவத்தில் இருந்த தெளிவான பழைய ரேகையையும், ஜான்சியையும் மாறி மாறிப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் மறுபடி உட்கார்ந்தவரைப் போல இருந்தார்.

"கையெழுத்துன்னு சொன்னேனேம்மா."

"அய்யோ, தப்பாயிடுச்சுங்க. இந்தக் கை கேக்காதுங்க, அதுவா போயிடுச்சு. எழுதுவேங்க. நான் எழுதுவேன்."

வராந்தாவிலிருந்து முஸ்கானின் குரல் வந்தது. "ஜான்சி, மூணாகப் போகுதுடீ! மூணு அஞ்சுக்குள்ள உள்ள வரலன்னா மொத ரவுண்டு போச்சு!"

ஜான்சி அசையவில்லை. அசைந்தால் அம்மாவின் கை கலைந்துவிடும் என்று பயந்தாள். சகாயமேரி பேனாவை எடுத்தாள். அது மசி பட்ட விரலில் வழுக்கியது. முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி பிடித்தாள். பேனா முனை தாளைத் தொடாமல் அதன்மேல் நின்றது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

பிறகு மிகச் சின்னதாக ஒரு கோடு, மேலிருந்து கீழே. அதன் குறுக்கே இன்னொன்று.

மேடம் முன்னால் குனிந்தார். கடிதத்தைத் தன் பக்கம் இழுத்து, 'சகாயமேரி'க்கு முன்னால் இருந்த அந்தக் கிறுக்கல்மேல் விரலை வைத்தார்.

அம்மா 'ச' எழுதினாள். 'கா' எழுதினாள்.

மணியை அணைத்து வைத்திருந்த அறைப் போன் சும்மா இருக்க, சாப்பாட்டு ஹாலில் டெலிபோன் மணி அடித்தது. அடுத்த நொடி பீரோவின் மேல் பச்சை விளக்கு அணைந்தது. யாரோ ஒரு பெண்ணின் வீட்டிலிருந்து. மேடம் சட்டென்று எழுந்து அறையை விட்டு வெளியே போனார். அவருடைய செருப்புச் சத்தம் வராந்தாவில் வேகமாகப் போவதை ஜான்சி எண்ணினாள். மணி மூன்றாம் முறை அடித்து, நான்காவதன் பாதியில் அறுந்தது. போனை எடுத்தாரா, வயரைப் பிடுங்கினாரா? பேச்சுச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டினாள். ஒன்றும் கேட்கவில்லை.

"'ய'வுக்கு அப்புறம் இன்னாடி?" என்று அம்மா தலை நிமிராமல் கேட்டாள்.

"'மே'. சொல்லக் கூடாதும்மா, நீயே எழுதணும்."

"தெரியும். சும்மா கேட்டேன்."

மேலே, இருட்டாக இருந்த விளக்கு ஒருமுறை பச்சையாகச் சிமிட்டி அணைந்தது. மறுபடி சிமிட்டியது. கீழே பேனா முனை தாளில் ஊன்றி, 'மே'யின் முதல் சுழியை மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.