முறித்த பூ

புகையிலை பூத்தால் இலை தடிக்காது என்று பூக்கொத்தை முறிப்பது எங்கள் தோட்டங்களில் வழக்கம். என் கணவர் கனகலிங்கத்தின் கை அதில் கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்யும். அந்த வருடம் தோட்டம் முழுக்க இலையில் திட்டு விழும் தேமல் நோய். ஒரே ஒரு செடி மட்டும் சுத்தமாய் நின்றது. விதைக்கென்று அதற்குச் சிவப்பு நூல் கட்டியவரே, மறுநாள் மற்றச் செடிகளோடு அதன் பூவையும் முறித்துவிட்டார். "என்ரை கைதான் முறிச்சுது, நானில்லை" என்று இரவு முழுக்கப் புலம்பினார். விடியுமுன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

செத்தவீட்டு அலைச்சலில் செடியை மறந்துபோனேன். எட்டாம் நாள் நான் போனபோது அவரது தம்பி தில்லைநாதன் தோட்டத்தை வெட்டி முடித்திருந்தார்.

"அண்ணி, எல்லாம் தேமல் எண்டு நினைச்சு வெட்டிப்போட்டன்."

குவியலைக் கிளறினேன். நூல் கட்டிய நுனித்தண்டு இன்னும் பச்சையாய் இருந்தது. முறித்த இடம் கறுத்திருந்தது.

நான் எங்கள் ஊருக்குப் பக்கத்துத் திருநெல்வேலியில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்தேன். தண்டை அங்கே கொண்டுபோனேன். தண்டுத்தோலின் ஒரு உயிர்க்கலத்துக்குள்ளேயே முழுச் செடியும் அடங்கியிருக்கிறது. அதை வளர்க்கும் ஊட்டக்கூழில் ஒட்சின் என்ற மருந்து கூடினால் வேர், சைற்றோகைனின் என்ற மருந்து கூடினால் குருத்து. எனக்குக் குருத்து வேண்டும். ஆனால் சைற்றோகைனின் போத்தலின் அடியில் கொஞ்சம்தான் கிடந்தது. கூழில் இரண்டு மருந்தும் சமமாகிப்போயின. முறிவுக்குக் கீழே தோலை மெல்லிய கீற்றுகளாய் உரித்துக் குடுவைகளில் வைத்தேன்.

நாலாம் கிழமை, கூட வேலை செய்யும் சிமியோன் கூப்பிட்டார்.

"அக்கா, ஓடி வாங்கோ. இலையுமில்லை, வேருமில்லை. பூ வந்திருக்கு!"

வெறும் தோலிலிருந்து இளஞ்சிவப்புப் பூ எழுந்து நின்றது. பூக்கிற வயதுத் தண்டு, மருந்து இரண்டும் சமம், அப்படி வரும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் குடுவையை வெளிச்சத்தில் பிடித்துத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அவர் முறித்த பூ, முறித்த இடத்திலிருந்தே திரும்பி வந்திருந்தது. விதை பிடிக்காமல் அது நாலு நாளில் வாடியது.

புது மருந்து வந்ததும், பூக்காமல் கிடந்த கீற்றுகளுக்குச் சைற்றோகைனினைக் கூட்டினேன். ஒன்றே ஒன்று குருத்து விட்டது. அதை வெட்டி ஒட்சின் கூடிய கூழில் வைக்க வேர் இறங்கியது. பூச்சாடியில் நட்டு வீட்டு முற்றத்தில் வைத்தேன்.

ஒரு சாண் உயரம்கூட வரவில்லை. விட்ட இடத்திலிருந்து தொடர்வதுபோல அதற்குள் மொட்டுக் கட்டிவிட்டது. அவருக்கு எவ்வளவு சந்தோசமாயிருக்கும் என்று நினைத்து அழுதேன்.

அடுத்த நாள் காலை தண்ணீர் ஊற்றப் போனேன். ஊற்றிக்கொண்டே ஏதோ யோசனையிலிருந்தேன். விரலில் பிசுபிசுப்புத் தட்டக் குனிந்து பார்த்தேன். என் பெருவிரலும் சுட்டுவிரலும் மொட்டின் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன. நகம் பாதி இறங்கியிருந்தது.

பன்னிரண்டு வருடம் அவரோடு நின்று பூ முறித்த கை. கையை எடுக்க வெகுநேரம் பிடித்தது.

அந்தச் சிவப்பு நூலைத் தேடி எடுத்தேன். இரண்டு விரல்களையும் சேர்த்து இறுக்கிக் கட்டினேன். இடது கையால் சாப்பிடுவதைப் பார்த்துத் தில்லைநாதன் என்னவென்று கேட்டார். காயம் என்றேன். விதை முற்றும்வரை அவிழ்க்கவில்லை.