பதினொரு மணிக்கு அடிக்கப் போகும் நம்பர்

அந்த மெயிலை மதுமதி மட்டும் படித்திருந்தால் இந்தக் கதையே இல்லை. அவள் கணவன் ஜெயராம் அதைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டான். பெருமை தாங்கவில்லை, பாவம். எட்டு வருஷம் பிள்ளை, வீடு என்று இருந்துவிட்டு வேலை தேடியவளுக்கு, நாற்பது விண்ணப்பத்துக்குப் பிறகு ஒரே ஒரு கம்பெனி பதில் போட்டிருந்தது.

மெயிலில் எல்லாம் தெளிவாகத்தான் இருந்தது. வியாழக்கிழமை காலை பதினொரு மணி. இருபது நிமிடம் பேச்சு. தரமணி ஆபீசில் கஸ்டமர் கேர் டீம் லீடர் வேலை பற்றி. பயோடேட்டாவில் உள்ள, 7718 என்று முடியும் உங்கள் நம்பருக்கு, 60 என்று முடியும் எங்கள் லேண்ட்லைனிலிருந்து அழைப்போம். அந்த லைனுக்கு நீங்கள் திருப்பி அழைக்க முடியாது. கிடைக்காவிட்டால் பத்து நிமிடம் கழித்து இன்னொரு முறை முயல்வோம். இப்படிக்கு ரூஹி, ஆள்சேர்ப்புப் பிரிவு.

"அந்த நேரத்துல மதுவுக்கு யாரும் போன் பண்ணாதீங்க" என்று ஜெயராம் கூடவே எழுதியிருந்தான். குழுவில் இருந்த முப்பத்தோரு பேரும் கைகூப்பும் பொம்மை போட்டார்கள்.

வியாழக்கிழமை மதுமதி அடையாறு வீட்டில் மிக்ஸியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தாள். பத்து ஐம்பத்தைந்துக்குப் போன் அடித்தது. தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் சித்தப்பா முத்துகிருஷ்ணன்.

"இப்ப எதுக்கு சித்தப்பா?"

"இல்லம்மா, இந்த நம்பர்தான் அடிக்கும்னு போட்டிருந்தாங்கல்ல? அடிக்குதான்னு பாத்தேன். ஜோரா அடிக்குது."

அவரை வைக்கச் சொல்வதற்குள் பெரியம்மா ஸ்வர்ணலதா. மயிலாப்பூர் கோயிலில் அர்ச்சனைச் சீட்டோடு நின்றுகொண்டிருந்தாள்.

"உன் பேருக்குப் பண்ணியாச்சு. போன் பண்ணப்போற அந்தப் பொண்ணு பேருக்கும் ஒண்ணு பண்ணிடலாம். அவ நட்சத்திரம் என்ன?"

"எனக்கு எப்படிப் பெரியம்மா தெரியும்?"

"மெயில்ல போடலியா?"

பத்து ஐம்பத்தொன்பதுக்கு ஜெயராமே அழைத்தான். "மது, யாரு பண்ணாலும் எடுக்காத. எல்லாருக்கும் மறுபடியும் சொல்லிட்டேன்."

"முதல்ல நீங்க வைங்க!"

அவன் யார் யாருக்குச் சொன்னான் என்று பட்டியல் போட ஆரம்பித்தபோது காதில் பீப் பீப் என்றது. திரையில் 60 என்று முடியும் நம்பர். பதற்றத்தில் எதையோ அழுத்தினாள். ரூஹி போய்விட்டாள். ஜெயராம் பத்திரமாக லைனில் இருந்தான்.

அவனைத் திட்டவும் தோன்றவில்லை. எட்டு வருஷத்துக்கு ஒரு வாய்ப்பு, அதையும் தன் கையாலேயே வெட்டியாகிவிட்டது. இனி பதினொன்று பத்து ஒன்றுதான் மிச்சம். அதுவரை சும்மா விட்டார்களா? அத்தை, மச்சினன், ஜெயராமின் கோயம்புத்தூர் சகலை வரை வரிசையாக வந்தார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்வி, "வந்துச்சா?"

பதினொன்று பத்துக்கு மறுபடி அடித்தது. திரையைக்கூடப் பார்க்கவில்லை.

"வரல! இன்னும் வரல! உங்க எல்லாரோட புண்ணியத்துல இனிமே வரவும் வராது! போனை வைங்க!"

மறுமுனையில் புதுக் குரல்.

"மதுமதிங்களா? நான் ரூஹி. இருபது நிமிஷம் பேசறதுக்கு இப்ப வசதியா இருக்குமா?"

மதுமதி சட்டென்று எழுந்து நின்றாள். "வசதிதாங்க" என்றாள்.

முன்பு கூரியர் கம்பெனியில் பார்த்த வேலை, எட்டு வருஷ இடைவெளி, எதிர்பார்க்கும் சம்பளம், ஷிப்ட் ஒத்துவருமா என்று ரூஹி ஒவ்வொன்றாகக் கேட்டாள். கடைசியில், "ஒரே விஷயத்தைப் பல பேர் திரும்பத் திரும்பக் கேட்டு போன் பண்றாங்க. உங்க கிட்ட பதிலும் இல்ல. டீம் லீடரா என்ன செய்வீங்க?" என்றாள்.

"இப்ப நான் செஞ்சதைச் செய்ய மாட்டேங்க."

ரூஹி அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள்.

"போன் பண்ணாதீங்கன்னு சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க. பதில் இல்லாட்டியும், எத்தனை மணிக்கு நாமளே கூப்பிட்டுச் சொல்லுவோம்னு முன்கூட்டியே சொல்லிடணும். அது தெரியாமத்தான் தவிச்சுப்போய் அடிக்கிறாங்க. எங்க வீட்டுலயும் அதைச் சொல்லாம விட்டது தப்பு."

தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. "அடுத்த ரவுண்டு செவ்வாய்க்கிழமை பத்து மணி. மேனேஜர் பாப்பாங்க. போன் இல்ல, நேர்ல வரணும்."

போனை வைத்ததும் மதுமதி தேம்பித் தேம்பி அழுதாள். எட்டு வருஷமாக அந்தப் போனில் கேஸ்காரனும் பள்ளிக்கூடமும்தான் அவளைத் தேடியிருக்கிறார்கள். இன்றைக்குத்தான் இத்தனை பேர் அவளுக்காகவே அவளைத் தேடியிருக்கிறார்கள். பாவிகள். கண்ணைத் துடைத்துக்கொண்டு செய்தியைக் குழுவில் எழுதினாள்.

முதல் பதில் சித்தப்பாவிடமிருந்து வந்தது. "நேர்லதானே? நல்லதாப் போச்சு. வேன் சொல்லிட்டேன். பதினாறு பேர் தாராளமா வரலாம்."

"யாரும் வர வேண்டாம்" என்று அடித்துப் பார்த்து அழித்தாள். பிறகு நிதானமாக எழுதினாள்: "வேன் தெருமுனையிலயே நிக்கணும். ஒருத்தரும் இறங்கக் கூடாது. பதினொன்றரைக்கு நானே வந்து சொல்லுவேன்."