கிழிந்த படங்கள் மட்டும்

தன் போட்டோ கடைக்குப் பூட்டுப் போடாமல் தப்பிக்க அவளுக்கு இருந்த ஒரே வழி இந்த வேலைதான். ஆவணக் காப்பகத்தில் கிழிந்தும் செல்லரித்தும் கிடக்கும் பழைய புகைப்படங்களைச் சீர்செய்ய வேண்டும். மதியம் காப்பகத்தின் தேர்வுக் குழு கூடும். அவளுடைய இணையதளத்தில் மாதிரிகளைப் பார்த்துவிட்டு யாருக்கு வேலை என்று முடிவு செய்யும்.

பல இடங்களில் போட்டுக் காட்டிக் கைதட்டல் வாங்கிய பிரசன்டேஷன் கைவசம் இருந்தது. எல்லா ஸ்லைடுகளையும் தனித்தனிப் படங்களாகச் சேமிக்கக் கணினிக்குக் கட்டளை கொடுத்தாள். கண்மூடித் திறப்பதற்குள் ஃபோல்டர் நிறைந்தது. தளத்தைக் கவனித்துக்கொள்ளும் தம்பி அவற்றை ஏற்றினான். அவள் டீயை வாயில் வைத்தாள்.

"அக்கா, நாம கிழிஞ்ச படத்தைச் சரிபண்ற கடையா, கிழிச்சுத் தர்ற கடையா?"

எட்டிப் பார்த்தாள். தளத்தின் கேலரி முழுக்கக் கிழிசல். சீர்செய்த முகம் ஒன்றுகூட இல்லை.

தவறு அவளுடையதுதான். ஒவ்வொரு ஸ்லைடிலும் சீர்செய்த படம் அடியில். கிழிந்தது அதன் மேலே. கிளிக் செய்தால் மேலே இருப்பது மெல்ல மறையும். படமாக மாறிய ஸ்லைடில் கிளிக் ஏது? மேலே இருந்ததே நிலைத்துவிட்டது.

குழு கூடும் நேரம் நெருங்கியது. ஒவ்வொரு ஸ்லைடையும் நகலெடுத்து, நகலில் மேல்படத்தை நீக்க ஆரம்பித்தாள். அவசரத்தில் ஒருமுறை ஸ்லைடையே அழித்தாள், மீட்டாள். பதினான்கு ஸ்லைடுகள் இருபத்தெட்டாயின. மறுபடி படங்களாக்கி, பழையதை எடுத்துப் புதியதை ஏற்றியபோது செல்போன் அடித்தது. காப்பகத் தலைவர்.

குழு உட்கார்ந்துவிட்டதாம். முதல் படத்தில் மீசைக்காரப் பெரியவர், பாதி முகம் கிழிந்து இருக்கிறாராம்.

"பக்கத்துல சீர்பண்ணினதுன்னு பார்த்தா கல்யாணப் பொண்ணு நிக்குது. பெரியவர் மீசை எங்கம்மா போச்சு?"

போனில் அவருக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். தம்பி திரையைச் சுட்டினான். கேலரி கோப்புப் பெயரை எழுத்தெழுத்தாகப் பார்த்து அடுக்குகிறது. ஒன்றை அடுத்துப் பத்து, பதினொன்று. இரண்டு எங்கோ பின்னால். பெரியவருக்குப் பக்கத்தில் பத்தாம் ஸ்லைடின் மணப்பெண்.

"சார், வரிசை மாறிப்போச்சு. ஒரு நிமிஷம் கொடுங்க, கெஞ்சிக் கேட்கிறேன்."

மறுமுனையில் போனை வைக்கவில்லை. தம்பி கோப்புப் பெயர்களில் ஒற்றை இலக்க எண்களுக்கு முன்னால் எல்லாம் 01, 02 என்று பூஜ்யம் சேர்த்தான். அவள் அவன் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏறிவிட்டது என்று அவன் தலையசைத்தான்.

"இப்ப பக்கத்தைப் புதுப்பிச்சுப் பாருங்க சார்."

நாற்காலி நகரும் சத்தம். யாரோ மூக்குக்கண்ணாடி கேட்டார்கள். டீயில் ஆடை படிந்துவிட்டது.

"மீசை வந்துடுச்சும்மா," என்றார் தலைவர். "கிழிஞ்ச இடம் எங்கன்னு இங்க எல்லாரும் தேடிக்கிட்டிருக்கோம். லைன்லயே இருங்க."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.