நத்தை மூச்சு வாங்கும் இடம்

"அக்கா, அது என் பாட்டுதான். சத்தியமா."

"அப்புறம் எப்படிடா பற்பசை விளம்பரத்துல வருது?"

தம்பி கீபோர்டின் மேல் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். அக்காளுக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. நாற்காலியில் கிடந்த வயர்களை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தாள்.

அவளுடைய கார்ட்டூன் தொடரின் நாயகன் ஒரு நத்தை. தபால்காரன். பெயர் 'அவசரம்'. அதை வரைந்து, அசைத்து, ஒரு சேனலின் தலையில் கட்டுவதற்குள் அவளுக்கு முடி பாதி நரைத்துவிட்டது. முகப்பு இசைக்கென்று கையில் மிஞ்சியது தம்பி மட்டும்தான். வங்கிக்கு போன் செய்தால் காத்திருக்கும் நேரத்தில் ஒலிக்கிற இசையெல்லாம் போடுகிறவன்.

காலையில் முன்னோட்டத்தை இணையத்தில் ஏற்றினாள். டீ ஆறுவதற்குள் அறிவிப்பு வந்தது: இந்த இசை ஒரு பற்பசைக் கம்பெனிக்குச் சொந்தம். பின்னாலேயே சேனலில் பொறுப்பிலிருக்கும் அம்மாளின் போன்.

"இசை முழுக்க உங்களோடதுன்னு கையெழுத்துப் போட்டுக் குடுங்க மேடம். சாயங்காலத்துக்குள்ள. இல்லேன்னா எங்ககிட்ட பொதுவா ஒரு ட்யூன் இருக்கு, அதையே போட்டுக்கறோம்."

அந்தப் பொது ட்யூன் ஏற்கெனவே சமையலுக்கும் வானிலைக்கும் வருகிறது. அதன் வேகமும் வேறு. நத்தை ஊர்வது, தபாலைத் தூக்குவது, கதவில் முட்டுவது எல்லாம் தம்பியின் தாளத்துக்கு வரைந்தவை. வேகம் மாறினால் முகப்பை மறுபடி வரைய வேண்டும். வரைந்த பையன்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள்.

"உண்மையைச் சொல்லு. எதைப் போட்ட?"

"அடியில டிங் டிங்னு ஒரு கிடார் போகுதில்ல, அது மட்டும் சாஃப்ட்வேரோட வந்த ரெடிமேட் இசைத்துண்டு. காசு குடுத்து வாங்கினதுதான். யார் வேணா பாட்டுல சேர்த்துக்கலாம்."

"யார் வேணா?"

"யார் வேணா."

"பற்பசைக்காரனும்?"

"அவனும்தான். அவன் பாட்ட முதல்ல பதிஞ்சு வச்சுட்டான் போல. இப்ப அந்த டிங் டிங் எங்க கேட்டாலும் சரிபார்க்கற மெஷின் அவனோடதுன்னு சொல்லுது."

"உபயோகிக்கலாம், ஆனா நம்மளோடதுன்னு சொல்ல முடியாது. நான் எப்படிடா கையெழுத்துப் போடறது?"

"எதிர்த்து எழுதிப் போடலாம்க்கா. அவன் பதில் சொல்ல வாரக்கணக்காகும்."

"நத்தையே அதுக்குள்ள வந்து சேர்ந்துடும்."

இருவருக்கும் சிரிப்பு வந்தது, பாதியிலேயே நின்றும்விட்டது.

"எடுத்துடு."

"எதை?"

"டிங் டிங்கை."

எடுத்தான். மிச்சம் இருந்த மெட்டு அவனுடையதுதான். ஆனால் கீபோர்டில் அது தனியாக ஒலித்தபோது, மாவு மில்லில் அலாரம் அடித்த மாதிரி இருந்தது. வேறு கருவி மாற்றிப் பார்த்தான். மணி, புல்லாங்குழல், பியானோ. ஒவ்வொன்றுக்கும் அக்காள் வேண்டாமென்று தலையை ஆட்டினாள். கடைசியில் ஆட்டவும் மனமில்லாமல் கண்ணை மூடிக்கொண்டாள்.

"வாத்தியக்காரனைக் கூப்பிட வக்கில்ல, நல்லதா மட்டும் வேணும்," என்று முணுமுணுத்தபடி தம்பி மைக்கை இழுத்தான். "கிடார் போயிடுச்சு, தாளத்துக்குப் பிடி இல்ல. நான் சும்மா முனகறேன். படத்தோட சரியா விழுதான்னு மட்டும் பாரு. அப்புறம் அழிச்சுடலாம்."

காதில் ஹெட்ஃபோனை மாட்டி, தாளத்தை மட்டும் கேட்டுக்கொண்டு முனகினான். காலையிலிருந்து சாப்பிடாத முனகல். நடுவில் ஓரிடத்தில் மூச்சு தீர்ந்து, 'ஹா' என்று இழுத்துக்கொண்டு, ஒரு பெருமூச்சோடு மறுபடி தொடங்கினான்.

அக்காள் கண்ணைத் திறந்தாள். திரையில் நத்தை படியேறி, தபால் பையை இறக்கி வைத்து நின்றிருந்தது. 'ஹா' அங்கேதான் விழுந்தது.

"இன்னொரு தடவ போடு."

போட்டான்.

"இதுதான்டா."

"இதுவா? என் குரல் கேட்டா எதிர்வீட்டு நாய் எழுந்து போயிடும்க்கா. நல்லா பாடறவங்க யாராவது..."

"நல்லா பாடறவங்க தபால் தூக்க மாட்டாங்க. தொடாத. சுத்தமும் பண்ணாத."

மறுபடி ஏற்றினார்கள். இந்த முறை யாரும் அது தன்னுடையது என்று சொல்லிக்கொண்டு வரவில்லை. அக்காள் உரிமைத்தாளில் கையெழுத்துப் போட்டு நீட்ட, கீழே தம்பியும் போட்டான். இசை அமைத்தவன் என்ற இடத்தில் தன் பெயர் இருப்பதையும், ஒளிபரப்பில் அமைத்தவனுக்கு வரும் பங்கு தம்பிக்கே என்று அக்காள் தன் கையால் சேர்த்திருப்பதையும் பார்த்தான்.

"எவ்வளவு வரும்?"

"டீ குடிக்கலாம்."

அவன் அப்படியே சோபாவில் சாய்ந்து தூங்கிப்போனான். வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது.

"மேடம், கையெழுத்து வந்துடுச்சு. மெட்டும் நல்லாருக்கு. ஆனா நடுவுல யாரோ மூச்சு வாங்கற சத்தம் வருது. எங்க ஆளு எடுத்துடவான்னு கேக்கறாரு."

அக்காள் சோபாவைப் பார்த்தாள். தம்பியின் வாய் திறந்து கிடந்தது.

"வேணாங்க. அது நத்தையோடது."