மூன்றாவது கோடு

அரியலூரில் எங்கள் போட்டித்தேர்வுப் படிப்பகத்தில் ஒரு கரும்பலகை உண்டு. மூன்று மணி நேரத்துக்குள் நாற்காலியை விட்டு எழுந்தால் பெயருக்கு நேரே ஒரு கோடு. மூன்று கோடு விழுந்தால் நாற்காலி, காத்திருப்பவருக்குப் போய்விடும். தேர்வுக்கு நாற்பது நாள் இருக்கையில் எனக்கு இரண்டு கோடு. வரதராசன்பேட்டையில் எங்கள் ஒற்றை அறை வீட்டில் படிக்க ஒரு மூலைகூடக் கிடையாது.

ஆனாலும் எழுந்தேன். சென்ற ஆண்டு நானும் அசையாமல் உட்கார்ந்து படித்தவள்தான். தேர்வின் கடைசி ஒரு மணி நேரத்தில் எழுத்து மங்கியது, இடுப்பு பிடித்துக்கொண்டது. முப்பத்தொரு கேள்விகளை வாசிக்கவே இல்லை. கண் டாக்டர், "பவர் இல்லம்மா, கண்ணுக்கு ஓய்வுதான் இல்ல" என்றார்.

முதுகுக்குப் பின்னாலிருந்த டியூப் லைட்டால் என் தலை நிழலே புத்தகத்தில் விழுந்தது. வலக்கையால் எழுதுபவள் என்பதால் சின்ன விளக்கொன்றை இடப்பக்கம் வைத்தேன். கழுத்து குனியாதபடி புத்தகத்தைச் சாய்த்து நிறுத்தினேன். இடுப்புக்குச் சுருட்டிய துண்டு, எட்டாத கால்களுக்குச் செங்கல். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஜன்னல் வழியே தூரத்து சிமென்ட் ஆலைப் புகைபோக்கியைக் கண் சிமிட்டியபடி பார்ப்பேன். நாற்பதாவது நிமிடம் எழுந்து நடப்பேன்; அதில் இரண்டு முறை மாட்டிக்கொண்டதுதான் அந்த இரண்டு கோடு.

அன்றும் நடந்தேன். பொறுப்பாளர் சிங்காரவேலு சார் சாக்பீஸோடு வந்தார்.

"ஏம்மா விண்ணரசி, படிக்க வந்தியா, தேர்பவனி போறியா?"

"ரெண்டு நிமிஷந்தான் சார்."

"பிரேம்குமாரப் பாரு. காலையில ஒக்காந்தவன் அசையல."

"அவரால அசைய முடியல சார். கேட்டுப் பாருங்க."

எல்லோரும் சிரித்தார்கள். பிரேம்குமார் சிரிக்கவில்லை. சார் மூன்றாவது கோட்டை அழுத்திப் போட்டார். "சீட்டக் காலி பண்ணு."

விளக்கையும் புத்தகத்தையும் எடுத்துப்போய் ஜன்னலோரத்துக் குட்டை பீரோ மேல் வைத்து, நின்றபடி வாசித்தேன்.

"நாற்காலிதான சார் போச்சு? நிக்கக் கூடாதுன்னு ரூல் இல்லையே."

"எவ்ளோ நேரம் நிப்பே?"

"கால் வலிச்சா படியில ஒக்காருவேன். அப்புறம் எந்திரிச்சு நிப்பேன்."

பிரேம்குமார் மேசையில் இரண்டு கையையும் ஊன்றினான். பாதி எழுந்து, வளைந்தபடியே நின்றுவிட்டான்.

"கம்பு வேணுமா தாத்தா?" என்றாள் பக்கத்து நாற்காலி சசிகலா.

அவன் மெல்ல நிமிர்ந்து பலகைக்குப் போனான். தன் பெயருக்கு நேரே தானே மூன்று கோடு போட்டான். சசிகலாவும் போட்டாள். கொஞ்ச நேரத்தில் பதினோரு பேர்.

காத்திருப்போர் பட்டியலில் இருந்ததோ ஒரே ஒருவர். பையோடு வாசலில் நின்ற அரவிந்தன் எட்டிப் பார்த்தான். "சார், நான் உள்ள வந்தா எந்திரிக்கலாமா?"

சார் சாக்பீஸைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

என் நாற்காலியை நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன். அரவிந்தனுக்குப் பக்கத்து அறையிலிருந்து இன்னொன்று வந்தது. மணி பார்த்தேன், இருபது நிமிடம் ஆகியிருந்தது. புகைபோக்கியைப் பார்த்தேன்.