கயத்தாறு வரை ஓடுகிற வண்டி

மாரீஸ்வரி தேனியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். புருஷன் சுருளிராஜன் காற்றாலை மெக்கானிக். ஆண்டிபட்டிப் பக்கம் வேலை பார்த்தவனைக் கயத்தாறுக்கு மாற்றி ஏழு மாதமாகிறது. இருநூறு கிலோமீட்டர். சனிக்கிழமை இரண்டு மணிக்கு டூட்டி முடித்து, பஸ் மாறி மாறி அவள் போய் இறங்கும்போது ராத்திரி பத்தாகிவிடும். மறுநாள் மதியம் திரும்ப வேண்டும். வெளிச்சத்தோடு போய்ச் சேர ஒரு கார் வேண்டுமென்று ஆசைப்பட்டாள்.

பழைய கார் விற்கிற பொன்னுராஜ் ஒரு பேட்டரி காரைக் காட்டினார். அலுவலகம் ஒன்றில் ஓட்டிக் கழித்தது. விலை அவள் சேர்த்து வைத்ததற்குள் அடங்கியது. நூற்று நாற்பது கிலோமீட்டர் ஓடும், வழியில் ஒருதரம் ஃபாஸ்ட் சார்ஜ் போட்டால் போதும் என்றார். மருந்துப் பாட்டிலைத் திறக்குமுன் பெயரைப் படித்துப் பழகியவள், சார்ஜ் போட்டுக் காட்டிவிட்டு அட்வான்ஸ் வாங்குங்கள் என்றாள்.

ஆண்டிபட்டி ரோட்டுச் சார்ஜிங் ஸ்டேஷனில், காரில் செருகும் கன்னை எடுத்தார்கள். அதன் முகத்தில் மேலே ஏழு துளை, கீழே தடித்த இரண்டு. கார் மூடிக்குள்ளோ வட்டமாக ஒன்பது முனை. பொருந்தவில்லை.

ஸ்டேஷனைப் பார்த்துக்கொள்ளும் மலைச்சாமி எட்டிப் பார்த்தார். இது பதினைந்து கிலோவாட் பழைய மிஷினுக்கான வாய், இந்த ரோட்டில் அந்த மிஷின் இப்போது இல்லை, எல்லாம் சிசிஎஸ் டூ என்கிற புது வாய்தான் என்றார். வீட்டுப் பிளக்கில் போடலாம். ஏழெட்டு மணி நேரம் ஆகும்.

அவள் போனை ஸ்பீக்கரில் போட்டுச் சொன்னதும் சுருளிராஜன் அவசரப்பட்டான். வண்டியை எடுத்துவிடு, பட்டறையில் நான் இரண்டு வாயையும் சேர்க்க ஒரு ஜாயின்ட் செய்து தருகிறேன் என்றான்.

"தம்பி, வயரு மாத்துற வேலையில்ல இது," என்றார் மலைச்சாமி. "மிஷினும் வண்டியும் பேசிக்கிட்டாத்தான் கரண்டே எறங்கும். இது ரெண்டுக்கும் பாஷை வேற."

பொன்னுராஜ் விடவில்லை. "மதுரையில ஒரு லாட்ஜ்ல சார்ஜ் போட்டுட்டு, தூங்கி எந்திரிச்சு போலாம்ல அக்கா."

"அண்ணாச்சி, நான் மதுரையில தூங்கவா போறேன்?"

அவர் கடையில் சிசிஎஸ் டூ வண்டியும் ஒன்று நின்றது. ஒரே மூச்சில் நூற்றெண்பது ஓடும். ஸ்டேஷன் அறுபது கிலோவாட் கொடுத்தாலும் அந்த வண்டி இருபத்தைந்துக்கு மேல் வாங்காது என்று மலைச்சாமி சொன்னார். அதுவே போதும். அரை மணி நேரம் போட்டால் கயத்தாறு. ஆனால் அந்த விலைக்கு அவள் இன்னும் ஆறு மாதம் சேர்க்க வேண்டும்.

முதலில் காட்டிய வண்டி வேண்டாம் என்று பொன்னுராஜிடம் சொல்லிவிட்டு, புருஷனுக்குப் போன் போட்டாள்.

"ஆறு மாசமா?"

"ஆமாங்க."

"ஏழு மாசம் ஓடிருச்சுல்ல புள்ள."

"அது எண்ணாம ஓடுச்சு. இத எண்ணிக்கிட்டே இருக்கணும்."

காற்றாடி சுற்றுகிற சத்தத்திலிருந்து அவன் தள்ளி வந்தான்.

"அதுவரைக்கும் சனிக்கிழமை ஷிஃப்ட மாத்திக் கேட்டு, மதுரை வரைக்கும் நான் வந்து நிக்கவா?" என்றான்.

"கேட்டுப் பாருங்க," என்றாள். போனை வைக்க மனம் வரவில்லை.